மலாய்ப் படிவத்தில் தெரிந்த சொல்லா? எதை நம்பலாம், எங்கே தடுமாறுவோம்

கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும் தமிழருக்கு மலாய் பாதி தெரிந்த மொழி போலத் தோன்றும். கடைப் பலகையில் கடை இருக்கிறது, மருத்துவமனையில் கட்டில் இருக்கிறது, படிவத்தில் நாமமும் ஆகமமும் இருக்கின்றன. அந்தப் பாதிதான் சிக்கல். தெரியாத சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லைக் கேட்காமல் நிரப்பிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவோம்.

அறை தேடுவது, வங்கி, கிளினிக், மின்கட்டணம் என்று முதல் சில மாதங்கள் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டினேன். புதிதாக வருபவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது மலாய் கற்றுத்தரும் பாடம் இல்லை. தமிழ் தெரிந்திருப்பதை எங்கே பயன்படுத்திக்கொள்ளலாம், எங்கே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

1. நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள்

மலாய் ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. நாம் காதால் கேட்டதைத் தமிழில் குறித்துக்கொள்வோம். நம் எழுத்தில் ஒரே ‘த’, ஒரே ‘ப’, ஒரே ‘க’ என்பதால் மலாயில் வேறு வேறாக இருக்கும் சொற்கள் நோட்டில் ஒன்றாகிவிடும். ‘துவா’ என்று எழுதி வைத்தால், தோசையின் த-வில் சொன்னால் இரண்டு, தம்பியின் த-வில் சொன்னால் வயதானது. ‘பாகி’ இன்னும் மோசம். பல் என்பதன் ப-வில் தொடங்கினால் காலை நேரம். பயம் என்பதன் ப-வில் தொடங்கினால் ‘கொடு’ அல்லது ‘-க்காக’. அதிலேயே நடுவில் க-வை அழுத்தினால் மிச்சப் பணம்.

இங்கே வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் படிவத்தில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

2. முன்னொட்டை உரித்துவிட்டு அகராதியைப் பாருங்கள்

மலாய்ச் சொல் பெரும்பாலும் அப்படியே நிற்காது. முன்னால் டி, பெர், மெ, பெ, கெ என்று ஏதாவது ஒட்டும், பின்னால் ஆன், கான் ஒட்டும். அவற்றை உரித்தால்தான் உள்ளே இருக்கும் பழகிய சொல் தெரியும். பெர்புஸ்தாகாஆன் என்ற நீளமான பலகையில் இருப்பது புஸ்தகம்தான், அது நூலகம். பெர்பிசாராஆன் என்பதில் இருப்பது விசாரம். அது நீதிமன்ற விசாரணை.

சில இடங்களில் முதல் எழுத்தே மாறிவிடும். சேவா என்றால் வாடகை. அதிலிருந்து வரும் பென்யேவா வாடகைக்கு இருப்பவர், அதாவது நீங்கள். ‘ச’ போய் ‘ன்ய’ வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தத்தில் இந்தச் சொல் வரும் வரிகளில்தான் உங்கள் கடமைகள் இருக்கும். அங்கே நிதானமாக வாசியுங்கள்.

அகராதிக்குக் காசு தேவையில்லை. அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா நடத்தும் prpm.dbp.gov.my தளத்தில் எவரும் தேடலாம். `penyewa` என்று தேடிக் குழம்பினால் `sewa` என்று அடிச்சொல்லைப் போடுங்கள். விளக்கம் மலாயில்தான் இருக்கும். ஆனாலும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தால் சொல் எந்த இடத்தில் புழங்குகிறது என்று பிடிபட்டுவிடும்.

3. கையால் தொடக்கூடிய பொருள் என்றால் நம்புங்கள்

எனக்குக் கடைசிவரை கைகொடுத்த விதி இது. வணிகத்தோடு தமிழிலிருந்தே மலாய்க்குப் போன பொருட்பெயர்கள் பெரும்பாலும் பொருள் மாறாமல் இருக்கின்றன. கெடாய் கடை, காப்பால் கப்பல், காத்தில் கட்டில், பெத்தி பெட்டி, கூடாங் கிடங்கு. பலகையில் ‘குயில்’ என்று படிக்கிற மாதிரி இருந்தால் அது கோயில். பெத்தி செஜுக் என்றால் குளிர்ப்பெட்டி, நம் ஃபிரிட்ஜ். பெத்தி சூராட் கடிதப்பெட்டி. மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கப் போனால் கேட்கும் முதல் கேள்வி காத்தில் எண்.

போர்த்துகீசியர் இரண்டு மொழிக்கும் கொடுத்துவிட்டுப் போன சாமான்களும் இப்படித்தான். அல்மாரி அலமாரி, மேஜா மேசை, துவாலா துவாலை.

இந்த வகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடியின் வசதிகள் பட்டியலில் ‘கோலாம்’ என்று இருந்தால் வாசலில் போடும் கோலம் இல்லை, அது குளம். கோலாம் ரெனாங் நீச்சல்குளம். தீபாவளி சமயத்தில் பேரங்காடிகளில் நம் கோலத்துக்கும் அதே எழுத்துக்கூட்டில்தான் அறிவிப்பு வைப்பார்கள். மாதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

4. இடம், உறவு, சமயம் என்றால் நின்று வாசியுங்கள்

வடமொழியிலிருந்து தமிழுக்கு ஒரு வழியாகவும் மலாய்க்கு வேறு வழியாகவும் வந்த சொற்கள் தனித்தனியே பொருள் மாறியிருக்கின்றன. படிவத்தில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்.

முகவரிப் பகுதியிலிருந்து தொடங்கலாம். நெகாரா என்ற கட்டத்தைப் பார்த்ததும் நகரம் என்று நினைத்துக் கோலாலம்பூர் என்று எழுதத் தோன்றும். அது நாடு. அதன் பக்கத்தில் நெகெரி என்று இன்னொரு கட்டம் இருக்கும். அது மாநிலம், சிலாங்கூர், பேராக் என்று அங்கே எழுத வேண்டும். நகரத்துக்கு உள்ள சொல் பண்டார். தேசம் மாதிரி ஒலிக்கும் டேசா கிராமப்புறம். குடியிருப்புகளின் பெயரிலும் அது வரும். ஆக, நம் நகரம் அங்கே நாடாக உயர்ந்துவிட்டது, நம் தேசம் கிராமமாக இறங்கிவிட்டது. இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் படிவம், கிளினிக் அட்டை, குரியர் எல்லாவற்றுக்கும் இதே கட்டங்கள்தான்.

அகாமா என்பது ஆகம நூல் இல்லை, மதம். பங்சா என்பது வம்சத்தின் உறவு, கேட்பது இனம். வார்கா நெகாரா என்பது குடியுரிமை. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசி இரண்டு கட்டத்திலும் ஒரே விடை வரும். அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவோம். மலேசியத் தமிழர் ஒருவருக்கு இனம் இந்தியர், குடியுரிமை மலேசியா. வேறுபாடு அங்கேதான் தெரியும்.

சுவாமி என்ற கட்டம் குலசாமியின் பெயரைக் கேட்கவில்லை. அது கணவர். இஸ்தெரி மனைவி. துணி இஸ்திரி போட வேண்டும் என்று இந்தச் சொல்லைக் கடையில் பயன்படுத்தாதீர்கள். தேய்ப்பதற்குச் செதெரிகா என்பார்கள், சலவைக்கடைக்கு டோபி. நாம் மனைவியைக் குறிக்கும் சம்சாரமும் மலாயில் இருக்கிறது. செங்சாரா என்று ஆகி, துன்பம் என்ற பொருளில். வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

தொழிற்சாலையில் சேருபவர்கள் அஸ்ராமா என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். ஆசிரமத்தின் உறவுதான், ஆனால் விடுதி. தங்குமிடக் கட்டணம் சம்பளத்தில் பிடிக்கப்படுமா என்பது அந்தச் சொல் வரும் பத்தியில்தான் இருக்கும்.

5. கையெழுத்துப் போடும் இடத்தில் அரபு, பாரசீகச் சொற்கள்

நம் ஊர்க் கச்சேரிகளில் புழங்கும் வக்கீல், வாரிசு, ஜாமீன் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. மலாயிலும் அவை இருக்கின்றன. மூன்றும் மூன்று விதம்.

வாக்கில் என்றால் பிரதிநிதி. உங்களுக்குப் பதிலாக ஒரு ஆவணத்தை வாங்கப் போகும் நண்பர்கூட வாக்கில்தான். வழக்கறிஞர் வேறு, அவர் பெகுவாம். ‘நாமா வாக்கில்’ என்று படிவத்தில் இருந்தால் வக்கீல் வைக்க வேண்டுமோ என்று பயந்து செலவு செய்யாதீர்கள். நீங்களே நேரில் கொடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டம் உங்களுக்கு இல்லை; கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடலாம். வேறு ஒருவரை அனுப்புவதாக இருந்தால் அவர் பெயரும் அடையாள எண்ணும் அங்கே போகும். பல அலுவலகங்களில் தனியாக ஓர் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள்.

வாரிஸ் என்ற கட்டம் மருத்துவமனையில் கட்டாயம் வரும். வாரிசு என்றால் நமக்குப் பிள்ளைகள், சொத்து. கல்யாணமாகாதவர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். மலாய்ச் சொல்லுக்கும் சொத்துக்கு உரியவர் என்ற பொருள் உண்டு. ஆனால் மருத்துவமனை கேட்பது நெருங்கிய உறவினர், அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று. அப்பா, அம்மா, அண்ணன், மனைவி யாராகவும் இருக்கலாம். ஊரில் இருப்பவர் என்றால் நாட்டுக் குறியெண்ணோடு தொலைபேசி எண்ணை எழுதுங்கள். கூடவே இங்கே இருக்கும் ஒருவரின் எண்ணையும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஜாமின் பொருள் மாறவில்லை. ஆனால் பென்ஜாமின் என்று வரும்போது கண் ஏமாறும். அது யாருடைய கிறிஸ்தவப் பெயரும் இல்லை, பிணை நிற்பவர். நண்பர் கடன் வாங்கும்போது ‘ஒரு கையெழுத்துதான்’ என்று தாளை நீட்டினால் உங்கள் பெயருக்கு மேல் இந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சக்சி இருந்தால் வெறும் சாட்சி. பென்ஜாமின் இருந்தால் அவர் கட்டாத கடன் உங்கள் தலையில்.

6. பணம்: பாக்கி, சூமா, சேவா

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். அதை ஒரு நாளில் பழகிவிடலாம். இந்த மூன்று சொல்லுக்குத்தான் நேரம் வேண்டும்.

நம் ஊரில் பாக்கி என்றால் நாம் தர வேண்டியது. மளிகைக்கடை பாக்கி, வாடகை பாக்கி. மலாயில் அது மிச்சம், அவ்வளவுதான். கடைக்காரர் பாக்கி என்று சொல்லிக் கையை நீட்டினால் காசு கேட்கவில்லை, சில்லறை தருகிறார். ரயில் அட்டையைத் தட்டும்போது திரையில் பாக்கி என்று ஒரு தொகை வந்தால் அது அட்டையில் இருக்கும் உங்கள் பணம். வங்கிக் கணக்கிலும் அப்படியே. நிலுவைக்கு உள்ள சொல் துங்ககான். மின்கட்டண ரசீதில் அந்த வரியில் தொகை இருந்தால், அது போன மாதங்களில் கட்டாமல் விட்டது. புதிதாகக் குடிபோன வீட்டில் முந்தைய ஆள் விட்டுப்போன நிலுவை உங்கள் தலையில் விழுகிறதா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும். சாவி வாங்குவதற்கு முன் கடைசி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நுணுக்கம்: பாக்கியோடு தெர்துங்காக் என்ற சொல் ஒட்டி வந்தால் அதுவும் கட்ட வேண்டிய மிச்சம்தான். யாருக்குச் சேர வேண்டிய மிச்சம் என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லும்.

சூமா நம் சும்மாவின் உறவு. ஆனால் தனியாக வந்தால் ‘மட்டும்’ என்று பொருள். சூமா 10 ரிங்கிட் என்றால் பத்து ரிங்கிட் மட்டும். சும்மா கொடுக்கவில்லை. இலவசத்துக்குப் பெர்சூமா. விளம்பரங்களில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும். முன்னொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

சேவாவை மேலே சொன்னேன். சேவை மையம் என்று நினைத்து யாரும் உள்ளே போக வேண்டாம். அந்தப் பலகை தொங்கும் வீடு வாடகைக்கு விடப்படுகிறது. அபராதத்துக்கு டெண்டா. பேச்சுத்தமிழில் தெண்டம் என்கிறோமே, அதேதான், நம்பலாம்.

7. நேரம் கேட்கும் இடங்கள்

மாசா என்றால் மாசம் இல்லை, நேரம். மாதத்துக்கு பூலான். ‘மாசா’ என்ற கட்டத்தில் மணியை எழுத வேண்டும். ரசீதில் செமாசா என்று வந்தால் நடப்பு. சாஜ் செமாசா என்பது இந்த முறைக்கான கட்டணம். தேதிக்கு தாரிக் என்பார்கள், நாள், மாதம், ஆண்டு என்ற நம் வரிசையிலேயே எழுதலாம்.

கவுன்டரில் ‘நந்தி’ என்பது போலக் கேட்டால் நன்றி சொல்லி அனுப்புகிறார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். அது ‘அப்புறம், பொறுங்கள்’. நன்றிக்கு தெரிமா காசே. ஒலி மட்டும் ஒத்துப்போகும் இந்த மாதிரிச் சொற்கள் இன்னும் உண்டு. தாலி என்றால் கயிறு, மாலாம் என்றால் இரவு. இவற்றுக்கு எந்த உறவும் இல்லை, தேட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக அரசு அலுவலகங்களில் இடைவேளை நீளம். அன்று போவதாக இருந்தால் காலையிலேயே வரிசை எண் எடுத்துவிடுங்கள்.

8. ஒரு விளம்பரத்தை வாசித்துப் பார்ப்போம்

அறை வாடகை விளம்பரங்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பிலிக் உந்துக் டிசேவா. சூமா 800 ரிங்கிட் செபூலான். அடா காத்தில், அல்மாரி, பெத்தி செஜுக். ஆயர் டான் வைஃபை பெர்சூமா. வனிதா சஹாஜா. டெபாசிட் 2+1.

முதலில் பொருட்களைப் பிரித்தெடுங்கள். காத்தில், அல்மாரி, பெத்தி செஜுக் மூன்றையும் நம்பலாம். கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ் இருக்கின்றன. மெத்தை பற்றிப் பேச்சே இல்லை. அதற்கு தீலாம் என்ற சொல் வர வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், அல்லது வாங்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிசேவா. முன்னொட்டை எடுத்தால் சேவா. அறை வாடகைக்கு. செபூலான் என்றால் ஒரு மாதத்துக்கு. சூமா இருப்பதால் 800 மட்டும். ஆயர் என்பது ஆங்கிலத்தில் எழுதினால் காற்று மாதிரித் தெரியும் சொல். தண்ணீர் அது, ஏசி இல்லை. அதுவும் வைஃபையும் பெர்சூமா, இலவசம். மின்சாரம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும், ஏசி இருக்கும் அறையில் அது சின்னத் தொகையாக இருக்காது.

வனிதா சஹாஜா என்பதில்தான் ஆண்கள் வீணாக அலைவார்கள். வனிதை தெரியும். சஹாஜாவைச் சகஜம் என்று படித்தால் பெண்களும் சகஜமாகத் தங்குகிறார்கள் என்று ஏதோ ஒரு பொருள் வந்துவிடும். சஹாஜா என்றால் மட்டும். பெண்களுக்கு மட்டும்.

கடைசியில் 2+1. பொதுவாக இரண்டு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை முன்கூட்டி. இதோடு தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை அளவு வைப்புத்தொகை கேட்பதும் வழக்கம். அதை விளம்பரத்தில் போடாமலும் இருப்பார்கள். கணக்குப் போட்டால் முன்பணம் 1,600, முதல் மாதம் 800, பயன்பாட்டு வைப்பு 400. சாவி கையில் வர 2,800 ரிங்கிட் வேண்டும். முகவர் வழியாகப் போனால் அவர் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் முன்பணத்துக்கு வாங் சாகாரான் என்று இருக்கும். அது திரும்பக் கிடைக்கும் பணம், முதல் மாத வாடகை திரும்பாது. இரண்டையும் ஒரே தொகையாக எழுதிய ரசீதை வாங்காதீர்கள். தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்தான 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட வேண்டும், பிந்தினால் அபராதம். யார் கட்டுவது என்று கையெழுத்துக்கு முன்பே பேசி முடித்து, முத்திரையிட்ட பிரதி ஒன்றை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.